மூன்று பேர் போக, இரண்டு பேர் திரும்ப

முன்பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்து தரச் சொல்லி நம்மவர்கள் என் வீட்டுக்கு வருவது வழக்கம். ரயில்வே குமாஸ்தா என்றால் டிக்கெட் கையில் இருக்கும் என்ற நினைப்பு. கணினி வந்தும், கைபேசி வந்தும், அந்த நினைப்பு போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு தை மாதத்தில் தாராவியிலிருந்து ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். தோல் பட்டறையில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்து ஊர், முப்பது வருஷப் பழக்கம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போக மூன்று பேர், திரும்ப இரண்டு பேர் என்றார். போகிற மூவர் யார் என்று கேட்டேன். அவர், அவர் மனைவி, மூத்த மகள். திரும்புகிற இருவர் யார் என்று கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததே, அதை ஊரில் விட்டுவிட்டு வரப்போகிறீர்களா?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, உமக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த வேதக்காரப் பையன் விஷயந்தான்" என்றார்.

இதை எழுதும்படி அந்தக் குடும்பத்தாரே சொன்னதால் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். நம் சங்கத்திற்கு வருஷத்துக்கு நாலைந்து காதல் விவகாரங்கள் வருகின்றன. ஒன்று, இருவரையும் பிரித்து அனுப்புகிறோம். அல்லது இருவரையும் சேர்த்து வைத்து, பெற்றவர்களை ஆயுள் பூராவும் பிரித்துவிடுகிறோம். இரண்டையும் 'முடித்து வைத்தோம்' என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதை இந்த ஒன்பது மாதத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பெண்ணுக்கு வயது 22, பட்டம் முடித்து ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பையனுக்கு 26, ஏ.சி. மெக்கானிக், தூத்துக்குடிக் கடற்கரை ஊர், கத்தோலிக்கர். அப்பா இல்லை. அம்மா புதன்கிழமை தவறாமல் மாகிம் கோயில் நவநாளுக்குப் போகிறவர். பெண் வீட்டார் அட்டவணை வகுப்பு இந்துக்கள். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று சந்து.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டிலும் பேசிப் பார்க்க முடியாது. பெண்ணின் கைபேசியையும் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் வாங்கிப் பெட்டியில் பூட்டியிருந்தால், வேலைக்குப் போகாதே என்று நிறுத்தியிருந்தால், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று டிக்கெட் எடுத்தால், ஊரிலிருந்து தாய்மாமனோ பெரியப்பன் மகனோ கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்தால், அது சமரசம் பேசும் நேரம் அல்ல. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். அதை மறந்துவிட்டு யாரும் நடுவராகப் போகக்கூடாது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவரின் திருமணத்தில் தலையிடச் சாதிப் பஞ்சாயத்துக்கோ கூட்டத்துக்கோ எந்த அதிகாரமும் இல்லை என்று சொல்லி, மிரட்டப்படும் ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவும், தங்கப் பாதுகாப்பான இடமும் வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலோடு போலீஸிடம் போக வேண்டிய விவகாரம் அது.

நம் பெரியவர் அந்த ரகம் அல்ல என்று எனக்கு எப்படித் தெரிந்தது? அவர் என்னிடம் வந்தார். ரகசியமாகத் தட்காலில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தடுக்க ஒருவன் வேண்டும் என்று அவர் மனசே தேடியிருக்கிறது. அப்படியும் நான் அதை மட்டும் நம்பவில்லை. மறுநாள் என் மனைவி பெண்ணைத் தனியாகப் பார்த்துக் கேட்டாள்: அடித்தார்களா, மிரட்டினார்களா, சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது? எல்லாம் அவளிடமே இருந்தது. அப்பா பேசாமல் இருக்கிறார், அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள், அவ்வளவுதான் என்றாள்.

பிறகுதான் நான் பேசப் போனேன், தனியாக. சங்கத்துத் தோழர்கள் ஐந்து பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்று நிறுத்தினேன். ஐந்து பேர் வாசலில் வந்து நின்றால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் நம் பேச்சுக்கு இணங்கினால் பயந்து இணங்கியதாகிவிடும். அப்படி இணங்கியவர் கல்யாணத்தன்று வருவார், மறுநாளிலிருந்து வரமாட்டார்.

போய் நான் சமத்துவம் பேசவில்லை. அவர் நாற்பது வருஷமாக அம்பேத்கர் ஜயந்திக்கு நீலக்கொடி கட்டுகிறவர். சமத்துவத்தை எனக்கே சொல்லித் தருவார். நான் கேட்டது ஒரே கேள்வி: "இது நடந்தால் முதலில் யார் உங்களை என்ன சொல்வார்கள் அண்ணாச்சி?" அதற்கு அவர் சொன்ன பதிலில் மதமே இல்லை. ஊரில் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. வரி வாங்கினால்தான் ஊர்க்காரன். அண்ணன் வீட்டார் சொல்லி வரியை நிறுத்திவிட்டால், நாளைக்கு அவர் செத்தால் தூக்க ஆள் வராது. சின்ன மகளுக்கு ஊரில் மாப்பிள்ளை கிடைக்காது. அப்புறம் கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பையன் வீட்டில் நம்மளை மதிப்பாங்களா தம்பி?" என்றார்.

கவனியுங்கள். வரி, சாவு, சின்ன மகள், மரியாதை. நாலும் உண்மையான பயங்கள். 'மதம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாலையும் போட்டு மூடி வைத்திருந்தார். மூடியைத் திறக்காமல் மதநல்லிணக்கம் பேசியிருந்தால் விடியவிடியப் பேசிக்கொண்டிருப்போம்.

பையனின் அம்மாவிடம் என் மனைவியும் நானும் போனோம். "அக்கா" என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கம் எல்லாப் பேச்சும் மதமாகவே இருந்தது. பெண் ஞானஸ்நானம் வாங்கட்டும், மறுபேச்சே இல்லை என்றார். "அவள் வாங்கிவிட்டால் உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்களிடம் அவள் எந்த வீட்டுப் பெண் என்று சொல்வீர்களா அக்கா?" என்று என் மனைவி கேட்டாள். அந்த அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இங்கேயும் மதம் என்று சொன்னது சாதியைத்தான். இதை நாங்கள் சபையில் வைத்துக் கேட்கவில்லை, அடுப்படிக்குப் பக்கத்தில் கேட்டோம். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து அவரே எங்களைக் கூப்பிட்டார்.

இதற்கிடையில் சிறியவர்கள் இருவரிடமும் ஒரு பேச்சு வாங்கினேன். ஆறு மாதம் பொறுப்பது. ஓடிப்போவதில்லை. பதிலுக்குப் பெரியவர்களும் ஒரு பேச்சுக் கொடுத்தார்கள்: அந்த ஆறு மாதமும் பெண்ணை ஊருக்கு அழைத்துப் போவதில்லை, வேறு மாப்பிள்ளை பார்ப்பதில்லை, வேலையை நிறுத்துவதில்லை. இருவரும் வாரம் ஒரு முறை எங்கள் வீட்டில், என் பிள்ளைகள் நடுவில், பார்த்துப் பேசலாம். இந்த உடன்பாட்டின் உயிர் அது இரண்டு பக்கமும் கட்டுவதில் இருக்கிறது. நம் பஞ்சாயத்துகளில் வழக்கமாகச் சிறியவர்களை மட்டும் பொறுக்கச் சொல்வோம். அந்தப் பொறுமைக் காலத்தில் பெரியவர்கள் நிச்சயதார்த்தத்தையே முடித்துவிடுவார்கள். நாலாம் மாதம் ஊரிலிருந்து அண்ணன் ஒரு ஜாதகத்தை அனுப்பினார். பெரியவர் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் இந்தக் காரியம் நடக்கும் என்று எனக்குப் பட்டது.

நிற்க. எந்த முறையில் கல்யாணம் என்பதில்தான் மறுபடி இடித்தது. அப்பாவுக்கு முருகன் கோயிலில் தாலி கட்ட வேண்டும். அம்மாவுக்கு மாதா கோயிலில் மந்திரிக்க வேண்டும். நம் தோழர்கள் சிலருக்குச் சங்க மேடையில் மாலை மாற்ற வேண்டும். மூன்றையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நாம் ஒருமுறை பெரும்பிழை செய்தோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இதேபோல ஒரு இந்துப் பெண்ணுக்கும் கிறிஸ்தவப் பையனுக்கும் மேடை போட்டு, மாலை மாற்றி, படம் எடுத்துப் போட்டோம். படம் ஊருக்குப் போனது. இரண்டு வீட்டாரும் இன்றுவரை பேசவில்லை. அது ஒரு கேடு. அதைவிடப் பெரிய கேடு பின்னால் வந்தது. பையன் ஒப்பந்த வேலையில் விபத்தில் இறந்தான். இழப்பீடு கேட்கப் போன பெண்ணிடம் திருமணச் சான்று கேட்டார்கள். அவளிடம் இருந்தது நாங்கள் எடுத்த படம் மட்டும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குக் கொண்டுவந்த சட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது, அதுவும் இந்துக்கள் இருவருக்கிடையே நடக்கும் திருமணத்துக்கு. பம்பாயில், ஒருவர் கிறிஸ்தவராக இருக்கும்போது, அது துணைக்கு வராது. கோயிலில் தாலி கட்டினாலும் அதே கதிதான். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் இந்துத் திருமணச் சட்டப்படி அது திருமணமே ஆகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்றும் நேரே பார்க்கமாட்டேன்.

ஆகவே, மதம் மாறாமல் இருவர் சேர வேண்டுமானால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் அதைத் திருமணப் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆனால் ஏற்கெனவே கல்யாணமானவர், வயது நிறையாதவர், சம்மதம் சொல்லும் மனநிலை இல்லாதவர், தடுக்கப்பட்ட உறவுமுறை என்ற இந்தக் காரணங்களைத்தான் சட்டம் கேட்கும். சாதி வேறு, சாமி வேறு, எனக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஆட்சேபம் அல்ல. பிறகு மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பலகையில் ஒட்டுவது ஓடிப்போகிறவர்களுக்கு ஆபத்து. யாராவது படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவான். எங்களுக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது. நோட்டீஸ் கொடுக்கும் முதல் நாளே இரண்டு வீட்டிலும் சொல்லி, நகலைக் கையில் கொடுத்தோம். பலகையைப் பார்த்து ஊரான் சொல்லி அப்பன் தெரிந்துகொள்வதும், மகள் சொல்லி அப்பன் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. சாட்சி மூவரில் இரண்டு இடத்தைப் பெரியவர்களுக்கென்று வைத்திருக்கிறோம் என்றும் சொன்னோம். வருவீர்களா என்று கேட்கவில்லை.

ஞானஸ்நானப் பேச்சை முடித்தது ஒரு காகிதம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாத எவரும் அட்டவணை வகுப்பினர் ஆகார். ஆணையிட்டபோது இந்துக்கள் மட்டும், சில சீக்கியப் பிரிவுகளோடு. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. அது நியாயமா என்பது வேறு சண்டை. ஞானஸ்நானம் வாங்கினால் இந்தப் பெண் வங்கித் தேர்வில் அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது. புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. வேறு மதத்தவரைக் கல்யாணம் செய்வதால் மட்டும் சான்றிதழ் போகாது, மாறினால்தான் போகும். இதைப் பையன்தான் தன் அம்மாவிடம் எடுத்துச் சொன்னான். அந்த அம்மாள் படித்தவர் அல்ல. ஆனால் பிள்ளையின் வேலைக்கு உலை வைப்பதென்றால் என்ன என்று விதவையாகப் பிள்ளை வளர்த்தவருக்குத் தெரியாதா?

அவருக்கு மிச்சமிருந்த துக்கம் ஒன்றுதான். பதிவுக் கல்யாணம் மட்டும் செய்தால் மகன் கோயிலில் நன்மை வாங்க முடியாதே என்பது. இது பொய்யான துக்கம் அல்ல. என் போன்ற நாத்திகன் இதைச் சிரித்துத் தள்ளியிருந்தால் காரியம் அன்றே கெட்டிருக்கும். பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டோம். ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் கல்யாணம் செய்ய ஆயர் விதிவிலக்கு கொடுக்கலாம், அதற்கு வழி இருக்கிறது, எழுதிக் கேட்கலாம் என்றார். ஆனால் பையன் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. பெண் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இதைப் பெண்ணின் அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆள் ஒருவரே சொன்னார். நான் ஒப்பவில்லை. மறைத்து நடத்திய கல்யாணம் முதல் பேரப்பிள்ளையோடு உடையும். பெரியவரை வைத்துக்கொண்டே பையன் வாசித்துக் காட்டினான். அவர் மூன்று நாள் எங்கள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் மகளைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார். "பிள்ளை பிறக்கட்டும்பா, இரண்டு பேருமாப் பேசி முடிவு பண்ணுவோம்" என்றாள். அதோடு விட்டார்.

தேதியும் தானாக அமைந்தது. ஆடியில் பெரியவர் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார். ஆவணிக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்தால், புரட்டாசி போய் ஐப்பசி பிறக்கும்போது முப்பது நாள் முடியும். கார்த்திகை நடுவில் மாதா கோயிலில் திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்போது கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். மூன்று மாதக் கெடுவும் மார்கழிக்கு முன் தீர்ந்துவிடும். ஆக ஐப்பசி. இரண்டு பஞ்சாங்கமும் ஒரே மாதத்தைக் காட்டியதில் இரண்டு வீட்டாருக்கும் ஒரு சந்தோஷம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

தாலியில் மட்டும் கடைசிவரை வம்பு. நம் ஊர்க் கத்தோலிக்கரும் தாலி கட்டுகிறவர்கள்தான், சிலுவையோ புறாவோ பொறித்திருப்பார்கள். இவர்கள் வேறு உரு கேட்டார்கள். இரண்டு அம்மாக்களும் தாங்களே ஆசாரியிடம் போனார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. எந்த உருவும் இல்லாத வெறும் பொன்வில்லையாகச் செய்து வாங்கி வந்தார்கள். பொன் பெண் வீட்டில், கோர்க்கும் சங்கிலி பையன் வீட்டில்.

சிறப்புச் சட்டத்தில் பதிவாளர் முன்னிலையில் எந்த முறையிலும் கல்யாணம் செய்துகொள்ளலாம். வாய்மொழியாக ஏற்கிறேன் என்ற உறுதிமொழி மட்டும் கட்டாயம். அங்கேயே தாலியும் கட்டினான். சாட்சியாகப் பையனின் அம்மா வந்து தமிழில் கையெழுத்துப் போட்டார். இன்னொன்று என் மனைவி. மூன்றாவது இடத்தை வைத்துக்கொண்டு பதினொன்றரை மணிவரை காத்திருந்தோம். குமாஸ்தா முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். நான் பேனாவை எடுக்கும்போது பெரியவர் பட்டறைச் சட்டையோடே வந்து நின்றார். வரும் வழியில் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை என்றார். அடுத்த வாரம் மாதா கோயிலில் பூசை இல்லாமல் எளிய ஜெபமும் ஆசீர்வாதமும் நடந்தது. அவர் வாசல்வரை வந்து வெளியே நின்றுகொண்டார். யாரும் உள்ளே இழுக்கவில்லை.

சூரத், அகமதாபாத், லக்னோ பக்கம் இருக்கும் நம் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் 2021 வாக்கில் வந்த சட்டங்கள் கல்யாணத்துக்காக மதம் மாறுவதைக் கடுமையாகப் பார்க்கின்றன. வீட்டாரைச் சமாதானப்படுத்த அவசரமாக மதம் மாறலாம் என்று அங்கே யாரும் யோசனை சொன்னால், வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பெரியவர் பயந்த நாலில் இரண்டு நடந்தது, இரண்டு நடக்கவில்லை. சம்பந்தி வீட்டில் அவரை மதிக்கிறார்கள். புதன்கிழமை நவநாள் முடித்து வரும் அம்மாள் மகள் வீட்டுக்கென்று சொல்லி அவர்கள் வீட்டில் இறங்கிக் காபி குடித்துவிட்டுப் போகிறார். சாவுக்குத் தூக்க ஆள் வேண்டும் என்றால் நாங்கள் இருக்கிறோம் என்று சந்திலுள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். சின்ன மகளுக்கு ஊரில் வந்த ஒரு வரன் விலகிப் போனது உண்மை. அவள் அதற்காக அழவில்லை, நர்ஸிங் படிக்கிறாள். வரி மட்டும் தீரவில்லை. சென்ற கொடைக்குப் பெரியவர் மருமகனைக் கொண்டு வரிப் பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பினார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கொடைக்கு நேரில் கொடுத்தனுப்ப நினைக்கிறார். அந்தப் பக்கம் போகிற, தர்மகர்த்தாவோடு பேசத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கொட்டகையில் என்னைப் பாருங்கள்.